இருமல் டானிக்கில் மூன்றாவது பெயர்

போடிநாயக்கனூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலையேறி போடிமெட்டுக்குப் போனால் உயரம் 1,400 மீட்டரைத் தொடும். வெயிலில் கிளம்பும் ஜீப் ஒரு மணி நேரத்துக்குள் சாரலுக்கும் பனிமூட்டத்துக்கும் போய்ச் சேர்கிறது. காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஏறி மாலையில் ஊருக்குத் திரும்புகிறவர்களுக்குச் சளியும் இருமலும் பருவம் தவறாத விருந்தாளிகள். அதனால் ஊரின் மருந்துக்கடைகளில் நாள் முழுக்கக் கேட்கும் ஒரு வாசகம் உண்டு: “அண்ணே, இருமலுக்கு ஒரு டானிக் குடுங்க.” கடைக்காரர் “வறட்டு இருமலா, சளி இருமலா?” என்று கேட்பார். பதிலைப் பொறுத்து ஒரு பாட்டில் மேசைக்கு வரும். சீட்டு கேட்பது அபூர்வம்.

தோட்டத்துக்குப் போகிறவருக்கு இதில் தொல்லை எதுவும் இல்லை. அதே பாட்டிலை அவர் வீட்டுப் பையன் குடித்துவிட்டு, மறுவாரம் தேசிய அளவிலான ஓட்டப்பந்தயத்தில் நின்றால் கதை வேறு. சளி இருமலுக்குக் கொடுக்கும் டானிக்கின் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் பெரும்பாலும் மூன்று பெயர்கள் இருக்கும். சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் அல்லது ஆம்ப்ராக்சால் ஒன்று. அதை வெளியே தள்ள உதவும் குவாய்ஃபெனசின் இரண்டு. இந்த இரண்டுக்கும் விளையாட்டில் எந்தத் தடையும் கிடையாது. மூன்றாவதாக டெர்புட்டலின் என்றோ லெவோசால்புட்டமால் என்றோ ஒரு பெயர் இருந்தால், அந்த பாட்டில் விளையாட்டு வீரருக்கு உரியதல்ல.

அந்த மூன்றாவது பெயரால் இந்திய கிரிக்கெட்டில் இரண்டு பேர் தண்டிக்கப்பட்டிருக்கிறார்கள். பிருத்வி ஷா 2018 அக்டோபரில் ராஜ்கோட்டில் தன் முதல் டெஸ்ட் ஆட்டத்திலேயே சதம் அடித்தவர். 2019 பிப்ரவரியில் சையத் முஷ்டாக் அலி கோப்பைக்காக மும்பை அணியுடன் இந்தூரில் இருந்தார். வயது 19. சளியும் இருமலும் இருந்ததால் கடையில் ஓர் இருமல் மருந்து வாங்கிக் குடித்ததாக அவர் பின்னர் விளக்கம் அளித்தார். பிப்ரவரி 22 அன்று அவரிடம் சிறுநீர் மாதிரி எடுக்கப்பட்டது. அதில் டெர்புட்டலின் இருந்தது. இருமல் மருந்துகளில் பரவலாகக் காணப்படும் ஒரு பொருளை அவர் அறியாமல் உட்கொண்டார் என்பதை இந்திய கிரிக்கெட் வாரியம் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட பிறகும் எட்டு மாதத் தடை விதித்தது.

இந்த எட்டு மாதம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். ஜூலை 16 அன்று அவருக்குக் குற்றச்சாட்டு அறிவிக்கப்பட்டது. அவர் உடனே ஒப்புக்கொண்டார். அப்படி ஒப்புக்கொள்கிறவருக்குத் தடையின் தொடக்க நாளை மாதிரி எடுத்த காலத்தை நோக்கிப் பின்னால் நகர்த்திக் கொடுக்க விதி இடம் தருகிறது. ஆனால் மொத்தக் காலத்தில் பாதியையாவது அவர் நிஜமாகவே வெளியில் உட்கார்ந்து கழிக்க வேண்டும். அதனால் தடை மார்ச் 16-இல் தொடங்கியதாக எழுதப்பட்டது, நவம்பர் 15 நள்ளிரவில் முடிந்தது. ஜூலை 16 முதல் நவம்பர் 15 வரை சரியாக நான்கு மாதம், எட்டில் பாதி.

இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே யூசுஃப் பதானுக்கு இதே மருந்தால் இதே நிலை வந்திருந்தது. 2017 மார்ச் 16 அன்று புதுதில்லியில் ஓர் உள்நாட்டு டி20 ஆட்டத்தின்போது எடுத்த மாதிரியில் டெர்புட்டலின் இருந்தது. மேல் சுவாசப்பாதைத் தொற்றுக்காக அறியாமல் எடுத்துக்கொண்டார் என்ற விளக்கம் ஏற்கப்பட்டு, ஐந்து மாதத் தடையோடு முடிந்தது. 2018 ஜனவரியில் இது எல்லா நாளிதழ்களிலும் வந்த செய்தி. அதைப் படித்திருக்கக்கூடிய ஓர் இளைஞர் அடுத்த ஆண்டே அதே பெயரில் சிக்கினார். உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தவருக்கும், மருத்துவரும் பிசியோவும் உடன் வரும் பெரிய மாநில அணிக்காரருக்குமே இது நடந்திருக்கிறது. போடியிலிருந்து தனியாகப் பேருந்து ஏறிப் போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு யார் எச்சரிப்பார்கள்?

டெர்புட்டலின் செய்யும் வேலை எளிமையானது. நுரையீரலுக்குள் பிரிந்து போகும் காற்றுக்குழாய்களைச் சுற்றி மென்தசை இருக்கிறது. அது இறுகினால் மூச்சு விசில் அடிக்கும், இளைக்கும். அந்தத் தசைச் செல்களின் மேல் பீட்டா-2 என்று பெயரிடப்பட்ட ஏற்பிகள் உள்ளன. உடம்பின் சொந்த அட்ரினலின் வந்து அவற்றைத் தொட்டால் தசை தளர்ந்து குழாய் விரியும். டெர்புட்டலின், சால்புட்டமால் ஆகியவை அட்ரினலின் போல அந்த ஏற்பியில் போய் உட்காரும் மருந்துகள். ஆஸ்துமாக்காரருக்கு இது உயிர்காக்கும் வேலை. சாதாரணச் சளி இருமலில் காற்றுக்குழாய் பெரும்பாலும் இறுகியிருப்பதில்லை என்றாலும், கூட்டு மருந்தாக இதையும் சேர்த்து விற்பது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. அது தேவையற்ற சேர்க்கை என்பது என் எண்ணம்.

விளையாட்டில் இதற்கு ஏன் தடை? பீட்டா-2 ஏற்பி காற்றுக்குழாயில் மட்டும் இல்லை, எலும்போடு ஒட்டிய தசையிலும் இருக்கிறது. இந்த வகை மருந்து அதிக அளவில் இரத்தத்துக்குள் போனால் தசையின் புரத உற்பத்தியைத் தூண்டி, பலத்தையும் குறுகிய நேர வேகத்தையும் கூட்டக்கூடும். இதே குடும்பத்தைச் சேர்ந்த கிளென்புட்டெராலைத் தசை வளர்க்கவே சிலர் தேடிப் போகிறார்கள். எனவே உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை (வாடா) இந்தக் குடும்பம் முழுவதையும் எல்லா நாளிலும் தடை செய்திருக்கிறது. போட்டி நாள், பயிற்சி நாள், வீட்டில் ஓய்வெடுக்கும் நாள் என்ற வேறுபாடு இல்லை. ‘போட்டிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே’ என்ற சமாதானம் இங்கே எடுபடாது.

இந்தத் தடைக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. மூச்சோடு உறிஞ்சும்போது மருந்து நேராகக் குழாய்க்குப் போகிறது, மிகக் குறைந்த அளவே போதும், இரத்தத்தில் சேர்வது சொற்பம். ஆகவே இன்ஹேலர் மூலம் சால்புட்டமால் எடுக்க அனுமதி உண்டு. 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும், எந்த எட்டு மணி நேரத்திலும் 600-ஐத் தாண்டக் கூடாது. ஓர் அமுக்கலுக்கு 100 மைக்ரோகிராம் தரும் சாதாரண இன்ஹேலரில் இது எட்டு மணி நேரத்துக்கு ஆறு அமுக்கல், நாளுக்குப் பதினாறு. சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 1,000 நானோகிராமுக்கு மேல் சால்புட்டமால் இருந்தால், இன்ஹேலர் என்ற விளக்கத்தைத் தானாக ஏற்கமாட்டார்கள்.

இப்போது டானிக்கின் கணக்கைப் பாருங்கள். கடைகளில் கிடைக்கும் ஒரு வகையில் 5 மில்லிலிட்டருக்கு லெவோசால்புட்டமால் 1 மில்லிகிராம் இருக்கிறது. பெரியவர்கள் 10 மில்லி வீதம் மூன்று வேளை குடித்தால் நாளுக்கு 6 மில்லிகிராம், அதாவது 6,000 மைக்ரோகிராம். இன்ஹேலரில் அனுமதித்த நாளளவின் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. லெவோசால்புட்டமால் என்பது சால்புட்டமாலின் இரு வடிவங்களில் ஒன்று, விதி இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறது. அளவு எதுவாக இருந்தாலும் வாய்வழி குடிப்பதற்கு அனுமதி இல்லை என்பது தனி. டெர்புட்டலின் டானிக்கில் வழக்கமாக 5 மில்லிக்கு 1.25 மில்லிகிராம் இருக்கும். அதே மூன்று வேளைக் கணக்கில் 7.5 மில்லிகிராம். டெர்புட்டலினுக்கு இன்ஹேலர் சலுகைகூடக் கிடையாது. சிறுநீரில் இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஒரு வரம்பும் இல்லை. கண்டுபிடித்தால் போதும்.

நெபுலைசரையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். மூச்சிரைப்போடு மருத்துவமனைக்குப் போனால் முகமூடி மாட்டி ‘புகை’ கொடுப்பார்கள். அந்தச் சிறு குப்பியில் பெரும்பாலும் 2.5 மில்லிகிராம் சால்புட்டமால் இருக்கும். ஒரே தடவையில் 2,500 மைக்ரோகிராம். உறிஞ்சுவதுதானே என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. உயிர் முக்கியம், எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்தி, மருத்துவ விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

மருந்தின் பெயரை நினைவில் வைத்திருந்தாலும் தப்பிக்க முடியாத ஒரு பொறி நம்மூர்க் கடைகளில் உண்டு. ஒரே நிறுவனம் ஒரே விற்பனைப் பெயரில் இரண்டு மூன்று டானிக் விற்கும். பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஓரிரு ஆங்கில எழுத்துதான் வேறுபாடு. எல்.எஸ். என்று முடிந்தால் பெரும்பாலும் லெவோசால்புட்டமால் இருக்கும். டி என்றோ டி.எக்ஸ். என்றோ முடிந்தால் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் இருக்கும். இரண்டாவது வறட்டு இருமலை அடக்கும் மருந்து, தடைப்பட்டியலில் இல்லை. பயிற்சியாளர் விசாரித்துவிட்டு விற்பனைப் பெயரை மட்டும் சொல்லி அனுப்புவார். கடையில் அந்த எழுத்து தீர்ந்திருக்கும், “இதுவும் அதேதான் தம்பி” என்று பக்கத்துப் பாட்டில் கைக்கு வரும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் பார்வையில் இரண்டுமே இருமல் மருந்துதான்.

இதுவரை நெஞ்சுச் சளி. மூக்கடைப்புக்கு வந்தால் கதை ஊக்கிகளின் பக்கம் திரும்புகிறது. ஊக்கிகள் என்று விளையாட்டு விதி சொல்பவை நரம்பைச் சுறுசுறுப்பாக்கி, இதயத் துடிப்பைக் கூட்டி, களைப்பை மறக்கச் செய்யும் பொருள்கள். ஆம்ஃபிடமின், கோகெய்ன் போன்றவை இதில் அடங்கும். மூக்கடைப்பு மருந்துக்கும் இவற்றுக்கும் என்ன உறவு?

மூக்கு அடைப்பதற்கு முக்கியக் காரணம் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வின் இரத்தக்குழாய்கள் வீங்குவது. அவற்றைச் சுருக்க உடம்பு பயன்படுத்தும் பொருள் நார்அட்ரினலின். நார்அட்ரினலினை நரம்பு முனைகளிலிருந்து வெளியே தள்ளும் எந்த மருந்தும் மூக்கைத் திறக்கும். அதே மருந்து மூளைக்குள் நுழைந்தால் விழிப்பைக் கூட்டும், இதயத்தில் துடிப்பைக் கூட்டும். ஊக்கமும் மூக்குத் திறப்பும் ஒரே இயக்கத்தின் இரண்டு விளைவுகள். 1930களில் அமெரிக்காவில் மூக்கடைப்புக்கு விற்ற ஓர் உறிஞ்சு குழலில் இருந்தது ஆம்ஃபிடமின்தான். 1944-இல் எலி லில்லி நிறுவனம் மூக்கடைப்புக்கென மீதைல்ஹெக்சேன்அமீன் என்ற ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றது. மருந்தாக அது நெடுங்காலம் நிலைக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து உடற்பயிற்சிக்கூடங்களுக்கு விற்கும் சப்ளிமெண்ட் பொடிகளில் அது மறுபடி தலைகாட்டியது, சில அட்டைகளில் ஜெரேனியம் செடியின் சாறு என்ற பெயரில். 2010 பட்டியலில் வாடா அதைத் தடை செய்தது.

அந்த ஆண்டு தில்லி காமன்வெல்த் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்த இந்திய வீரர்களில் சிலர், மல்யுத்த வீரர் ராஜீவ் தோமர், நீச்சல் வீராங்கனை ரிச்சா மிஸ்ரா உட்பட, இந்த ஒரே பொருளால் சோதனையில் சிக்கினார்கள். போட்டி தொடங்கியதும் பெண்கள் 100 மீட்டரில் தங்கம் பெற்ற நைஜீரியாவின் ஒசயேமி ஒலுதமோலாவும் அதே பொருளால் பதக்கம் இழந்தார். பல்வலிக்கு எடுத்த மருந்து என்று அவர் சொன்னார். அறுபது வயதைக் கடந்த மூக்கடைப்பு மருந்து ஒன்று, உருமாறி வந்து ஒரே ஆண்டில் இத்தனை பேரை வீழ்த்தியது.

இன்று சளி மாத்திரைகளில் கவனிக்க வேண்டிய பெயர் சூடோஎஃபெட்ரின். ஒவ்வாமை மாத்திரையான செட்டிரிசின் போன்றவற்றோடு சேர்த்து இது விற்கப்படுகிறது. இதற்கான விதி டெர்புட்டலினுக்கு நேர்மாறு. போட்டிக் காலத்தில் மட்டும்தான் தடை, அதுவும் சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால்தான். போட்டிக் காலம் என்பது போட்டிக்கு முந்தைய நாள் இரவு 11.59-க்குத் தொடங்கி, போட்டியும் மாதிரி எடுப்பதும் முடியும் வரை. இதன் உறவான எஃபெட்ரினுக்கு வரம்பு வெறும் 10 மைக்ரோகிராம்.

இந்த வரம்பின் வரலாறு ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் மேல் எழுதப்பட்டது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ருமேனியாவின் ஆந்த்ரியா ரடுகான் ஜிம்னாஸ்டிக்ஸ் ஒட்டுமொத்தப் பிரிவில் தங்கம் வென்றாள். சளிக்காக அணி மருத்துவர் கொடுத்த மாத்திரையில் சூடோஎஃபெட்ரின் இருந்தது. அன்றைய வரம்பு 25 மைக்ரோகிராம். அவளுடைய மாதிரியில் அதைவிட மிக அதிகம், ஆனால் 100-ஐத் தொடவில்லை. உடல் எடை நாற்பது கிலோவுக்கும் குறைவு. அதே மாத்திரை ஒரு பெரிய ஆளின் உடம்பில் பரவும்போது இருக்கும் அடர்த்திக்கும் அவள் உடம்பில் இருந்ததற்கும் வித்தியாசம் இருந்திருக்கும். அவள் ஏமாற்றவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள், தங்கத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். 2004-இல் சூடோஎஃபெட்ரினைப் பட்டியலிலிருந்தே எடுத்தார்கள். கண்காணித்ததில் மிக அதிக அளவுள்ள மாதிரிகள் கூடிக்கொண்டே போனதால், 2010-இல் 150 என்ற உயர்ந்த வரம்போடு திரும்பக் கொண்டுவந்தார்கள். இன்றைய விதியில் அந்தப் பெண்ணின் தங்கம் அவளிடமே இருந்திருக்கும்.

150 மைக்ரோகிராம் தாராளமான வரம்பாகத் தெரியலாம். 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்வீடன் ஐஸ் ஹாக்கி வீரர் நிக்லஸ் பேக்ஸ்ட்ரோம் நாளுக்கு ஒரு மாத்திரை மட்டுமே, அதுவும் பல ஆண்டுகளாக ஒவ்வாமைக்காக எடுத்து வந்தவர். அவர் மாதிரியில் 190 இருந்தது. தங்கப் பதக்க ஆட்டம் தொடங்க இரண்டரை மணி நேரம் இருக்கும்போது வெளியே அழைத்துப் போனார்கள். வெள்ளிப் பதக்கம் அவருக்குப் பின்னர் கொடுக்கப்பட்டது, ஆட்டம் கொடுக்கப்படவில்லை. அளவு இப்படி ஏறி இறங்குவதற்குக் காரணம் சிறுநீர்தான். மருந்து எவ்வளவு விழுங்கினோம் என்பதை ஆய்வகம் அளக்கவில்லை, சிறுநீரில் அது எவ்வளவு செறிவாக இருக்கிறது என்பதை அளக்கிறது. வெயிலில் ஓடி, தண்ணீர் குறைந்து, மஞ்சளாக வரும் சிறுநீரில் எல்லாம் செறிவாக இருக்கும். மிகச் செறிவான மாதிரிக்கு வரம்பைச் சரிக்கட்டும் கணக்கு உண்டு என்றாலும் அதை நம்பி மாத்திரை போடுவது சரியல்ல. போட்டிக்கு 24 மணி நேரம் முன்பே சூடோஎஃபெட்ரினை நிறுத்திவிட வேண்டும் என்பது வாடாவின் அறிவுரை.

நல்ல செய்தி, நம் ஊரில் சளிக்குக் கிடைக்கும் பெரும்பாலான மாத்திரைகளில் இப்போது இருப்பது சூடோஎஃபெட்ரின் அல்ல, ஃபினைல்எஃப்ரின். பெயர் மிரட்டினாலும் அதற்குத் தடை இல்லை. வாடா அதைக் கண்காணித்து மட்டும் வருகிறது. அதோடு சேர்ந்து வரும் பாரசிட்டமால், குளோர்ஃபெனிரமின், செட்டிரிசின் ஆகியவற்றுக்கும் தடை இல்லை. ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் மூக்குச் சொட்டு மருந்துகளைத் தாராளமாகப் போடலாம். ஒரு காலத்தில் வரம்பு வைக்கப்பட்டிருந்த காஃபீனும் 2004-இல் பட்டியலைவிட்டுப் போய்விட்டது, ஆகவே டீக்கும் காபிக்கும் பயமில்லை. சுக்கு, மிளகு, துளசி, ஏலக்காய் தட்டிப் போட்டுக் காய்ச்சும் கஷாயத்திலும் தடைப்பட்டியலில் உள்ளது எதுவும் கிடையாது. ஏலக்காயின் வாசத்துக்குக் காரணமான சினியோலும் டெர்பினைல் அசிடேட்டும் ஊக்கிகளே அல்ல.

கஷாயம் என்றதும் எல்லா நாட்டு மருந்தும் பத்திரம் என்று எடுத்துக்கொண்டால் பெரிய தவறு நேரும். எட்டி மரம் தமிழகத்துக் காடுகளில் நிற்கும் மரம். அதன் விதையைச் சுத்தி செய்து சில சித்த, ஆயுர்வேத மருந்துகளில் சேர்க்கிறார்கள். அந்த விதையில் இருக்கும் ஸ்ட்ரிக்னின் போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்ட ஊக்கி. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் தாமஸ் ஹிக்ஸ் தள்ளாடியபோது உதவியாளர்கள் ஸ்ட்ரிக்னின் கொடுத்து ஓடவைத்து வெற்றி பெற வைத்தார்கள். அப்போது தடை இல்லை. 2016 ரியோவில் கிர்கிஸ்தான் பளுதூக்கும் வீரர் இஸ்ஸத் அர்திகோவின் வெண்கலம் ஸ்ட்ரிக்னினால் பறிபோனது. உடம்பு வலிக்கு, நரம்புத் தளர்ச்சிக்கு என்று யாரேனும் கொடுக்கும் உருண்டையில் எட்டி இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை வீரருக்கு உண்டு.

இன்னொரு ஆபத்து, மூலிகை என்று சொல்லிவிட்டு அதில் ஸ்டீராய்டு கலப்பது. இலங்கையின் உபுல் தரங்கா 2011 உலகக் கோப்பையின்போது எடுத்த மாதிரியில் பிரெட்னிசோலோன் கண்டுபிடிக்கப்பட்டது. தோள்பட்டை வலிக்காக எடுத்த மூலிகை மருந்திலிருந்து அது வந்தது என்ற விளக்கத்தை ஏற்றுக்கொண்டு, சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் மூன்று மாதத் தடை விதித்தது.

ஸ்டீராய்டு பேச்சு வந்ததால் ஊசியையும் பேச வேண்டும். சின்ன ஊர்களின் கிளினிக்குகளில் காய்ச்சல் சளிக்குப் போனால் ஒரு ஊசி நிச்சயம். அதில் என்ன இருந்தது என்று கேட்கும் வழக்கம் நமக்கு இல்லை. சில இடங்களில் அது டெக்ஸாமெத்தசோன். இரண்டு மணி நேரத்தில் உடம்பு இலேசாகிவிடும், நல்ல டாக்டர் என்று பெயர் வரும். இந்தக் குளுகோகார்ட்டிகாய்டுகளை மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாகவோ இன்ஹேலராகவோ வழக்கமான அளவில் எடுத்தால் தடை இல்லை. வாய்வழியும் ஊசிவழியும் எடுத்தால் போட்டிக் காலத்தில் தடை. உடம்பைவிட்டு வெளியேற எத்தனை நாள் பிடிக்கும் என்று வாடாவே ஒரு கணக்கு கொடுத்திருக்கிறது: தசையில் போட்ட டெக்ஸாமெத்தசோன் ஊசிக்கு ஐந்து நாள், பிரெட்னிசோலோன் ஊசிக்குப் பத்து நாள், மூட்டுவலிக்குப் போடும் டிரையாம்சினோலோனைத் தசையில் போட்டால் அறுபது நாள். ஞாயிற்றுக்கிழமை போட்டி என்றால் வியாழக்கிழமை போட்ட ஊசி தலைவலியாகும்.

சோதனை நம்மை எட்டிப் பார்க்காது என்று நினைக்க வேண்டாம். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டி தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை நகரங்களில் நடந்தது. இப்படிப்பட்ட போட்டிகளில் பதினெட்டு வயதுக்குட்பட்டோரிடமும் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமை மாதிரி எடுக்கிறது. குறைந்தது 90 மில்லி சிறுநீர், இரண்டு பாட்டில்களில் ஏ, பி என்று பிரித்து முத்திரை வைக்கப்படும். ஏ பாட்டிலில் பொருள் இருந்தால், வீரர் கேட்டால் பி பாட்டிலையும் திறந்து பார்ப்பார்கள். ‘உன் உடம்பில் இருந்ததற்கு நீயே பொறுப்பு’ என்பதுதான் விதி. எப்படி வந்தது என்பதைக் காட்டும் சுமை வீரரின் தலையில் இருக்கிறது. தவறு சிறியது என்று காட்ட முடிந்தால் தண்டனை எச்சரிக்கையிலிருந்து இரண்டு ஆண்டுவரை எங்கேயும் நிற்கலாம்.

அதனால் ஒரு வீரர் ஏற்கெனவே டானிக்கைக் குடித்துவிட்டார் என்றால் என்ன செய்வது என்பதுதான் வீட்டில் உள்ளவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. பாட்டிலைத் தூக்கி எறியக் கூடாது. மீதியிருக்கும் மருந்தோடு, தொகுதி எண் தெரியும்படி வைத்துக்கொள்ள வேண்டும். கடை ரசீது, டாக்டர் சீட்டு, எந்த நாள் எத்தனை வேளை குடித்தது என்ற குறிப்பு, மூன்றும் வேண்டும். மாதிரி கொடுக்கும்போது நிரப்பும் படிவத்தில் கடந்த ஏழு நாளில் எடுத்த மருந்துகளை எழுத ஓர் இடம் இருக்கிறது. ‘சளி மருந்துதானே, எதற்கு எழுத வேண்டும்’ என்று விட்டுவிடுகிறார்கள். பின்னால் எல்லாவற்றையும் எழுதிய வீரரின் பேச்சுக்கும் எதையும் எழுதாதவரின் பேச்சுக்கும் விசாரணையில் ஒரே எடை கிடைக்காது. நாள்பட்ட ஆஸ்துமாவுக்குத் தடைசெய்த மருந்து தேவைப்படுகிறவர் போட்டிக்கு முப்பது நாள் முன்பே மருத்துவ விலக்குக்கு விண்ணப்பிக்க வேண்டும். நெபுலைசர் போன்ற அவசரச் சிகிச்சைக்கு, அது முடிந்த பிறகும் விலக்கு கேட்கலாம். இருமலுக்குக் கடையில் வாங்கிய டெர்புட்டலினுக்கு அப்படி விலக்கு கிடைப்பது கடினம், ஏனென்றால் தடையில்லாத மாற்று மருந்து அதே அலமாரியில், அதே விலைக்குப் பக்கத்திலேயே இருந்தது என்று குழு சொல்லும்.

கடைக்குப் போவதற்கு முன் பார்க்க வழி இருக்கிறது. தேசிய முகமை ‘நோ யுவர் மெடிசின்’ என்ற செயலியை வெளியிட்டிருக்கிறது. மருந்தின் பெயரைப் போட்டால் அதன் உட்பொருள் தடைப்பட்டியலில் உள்ளதா என்று சொல்லும். விற்பனைப் பெயரைத் தேடுவதைவிட அட்டையில் உள்ள ஒவ்வொரு உட்பொருளின் பெயரையும் தனித்தனியே தேடுவது பத்திரம், கடைசி எழுத்து மாறிய பாட்டில்கள் அதில்தான் பிடிபடும். செயலி இல்லாவிட்டாலும் கடையில் வேறு மாதிரி கேட்கலாம்: “அண்ணே, நான் போட்டிக்குப் போறேன். டெர்புட்டலின், சால்புட்டமால், சூடோஎஃபெட்ரின் மூணும் இல்லாத இருமல் மருந்து குடுங்க.” புரோம்ஹெக்சினோ ஆம்ப்ராக்சாலோ குவாய்ஃபெனசினோ மட்டும் உள்ள டானிக் எல்லாக் கடையிலும் உண்டு.